நடன உடற்பயிற்சியும் நாடித்துடிப்பின் ஏற்ற இறக்கமும்

கொலம்பியாவில் 1990களில் தோன்றிய சும்பாவும் அதற்கு முன்பே அறிமுகமான ஏரோபிக்ஸும் இன்று எமது நகரங்களிலும் பலரால் பயிலப்படுகின்றன. இவ்வகுப்புகளுக்குச் செல்வோரில் பலர் நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரங்களை அணிகின்றனர். வேக நடையின்போது ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும் எண், நடனத்தின்போது 110 இற்கும் 150 இற்கும் இடையே ஊசலாடுவதைக் கண்டு அவர்களுள் சிலர் அஞ்சிப் பயிற்சியைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் குறைந்த எண்ணைக் கண்டு உடலை அளவுக்கு மீறி வருத்துகின்றனர். அந்த எண் எதனைக் கூறுகின்றது என்பதை அறியாமையே இரண்டுக்கும் காரணமாகும்.

இசையின் தாளம் மாறாதிருக்க, உடலின் சுமை மாறிக்கொண்டேயிருக்கின்றது என்பதே இதன் அடிப்படை. நிமிடத்திற்கு 128 தட்டுகள் கொண்ட ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். நடன அமைப்புகள் வழமையாக 32 தட்டுகள் கொண்ட பகுதிகளாக வகுக்கப்படுவதால், இப்பாடலில் ஒரு பகுதி 15 செக்கன்களில் முடிந்துவிடும். முதல் நான்கு பகுதிகளில் பக்கவாட்டு அடிகள், அடுத்த இரண்டில் கைகளை உயர்த்தியவாறு துள்ளல், பின்னர் நின்ற இடத்திலேயே மெதுவான நடை என்று வைத்துக்கொள்வோம். தாளம் ஒன்றேயாயினும், உடல் எடையை நிலத்திலிருந்து மேலெழுப்பும் துள்ளலுக்குத் தசைகள் பன்மடங்கு உழைக்க வேண்டியுள்ளது.

இதயமோ இம்மாற்றத்தைச் சற்றுத் தாமதித்தே பின்தொடர்கின்றது. சுமை கூடியதும் துடிப்பு உடனடியாகச் சிறிது உயர்ந்தாலும், புதிய சுமைக்கு உரிய நிலையை அடைய அதற்கு ஓரிரு நிமிடங்கள் தேவை. எமது உதாரணத்தில் துள்ளல் நீடிப்பதோ 30 செக்கன்கள் மாத்திரமே. பக்கவாட்டு அடிகளின்போது 115 ஆக இருந்த துடிப்பு, துள்ளல் நீடித்திருந்தால் 155 வரை சென்றிருக்கக் கூடும். ஆனால் 140 ஐ எட்டும்போதே அப்பகுதி முடிந்துவிடுகின்றது. கடிகாரமும் சில செக்கன்களின் சராசரியையே காட்டுவதால், உச்ச எண் மெதுவான நடை தொடங்கிய பின்னரே கண்ணில் படுகின்றது. அதாவது, நாம் பார்ப்பது சற்று முன்னர் ஆடிய அடிக்கான கணக்கு. “இப்பொழுது இலேசாகத்தானே ஆடுகின்றேன், ஏன் இவ்வளவு?” என்ற அச்சம் பெரும்பாலும் இவ்வாறே எழுகின்றது.

கைகளின் பங்கும் கவனத்திற்குரியது. தலைக்கு மேல் கைகளை உயர்த்தி இயக்கும்போது சிறிய தசைகள் கடினமாக உழைக்க, இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனின் அளவை மிஞ்சி உயர்கின்றன. ஆகவே நடனத்தில் காணும் 140 உம் ஓட்டத்தில் காணும் 140 உம் ஒரே உழைப்பைக் குறிப்பன அல்ல. துடிப்பை வைத்துக் கடிகாரம் கணிக்கும் கலோரிக் கணக்கும் இதனால் மிகைப்படலாம்.

கருவியின் குறையும் உண்டு. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி இரத்த ஓட்டத்தை அளக்கும் இக்கடிகாரங்கள், கைவீச்சின் லயத்தையே துடிப்பாகத் தவறாக எண்ணிவிடுவதுண்டு. 128 தட்டுகளுள்ள பாடல் முழுவதிலும் கடிகாரம் 128 ஐ ஒட்டியே நின்றால் ஐயுறுவது நன்று. பாடல் முடிந்ததும் கால்களை மெதுவாக அசைத்தவாறே, மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து 15 செக்கன்கள் எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். அடுத்த பாடல் ஒலிக்கத் தொடங்கிவிட்டால் நாடிக்குப் பதிலாகத் தாளத்தையே எண்ண நேரிடும்! இதற்காகத் திடீரென அசையாது நிற்பதும் தவறு. கால்களில் தேங்கும் இரத்தம் இதயத்திற்குத் திரும்புவது குறைந்து தலைச்சுற்று ஏற்படக்கூடும்.

உயர் இரத்த அழுத்தத்திற்காக அட்டனலோல், பிசோப்ரலோல் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் மேலும் அவதானமாயிருத்தல் வேண்டும். அம்மருந்துகள் துடிப்பு உயர்வதைக் கட்டுப்படுத்துவதால், உடல் களைத்த நிலையிலும் எண் 110 ஐத் தாண்டாதிருக்கலாம். 220 இலிருந்து வயதைக் கழித்துப் பெறும் உச்ச அளவு இவர்களுக்குப் பொருந்தாது. ஏனையோரிலும் அது 10, 12 துடிப்புகள் முன்பின்னாகவே அமையும். அதனைவிட நம்பத்தக்கது பேச்சுச் சோதனையே. ஆடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் சுமை மிதமானது; இரண்டொரு சொற்களுக்கு மேல் வரவில்லையெனில் அது கடுமையானது.

துடிப்பு ஏறி இறங்குவது இயல்பே. ஆனால் சுமை குறைந்த பின்னரும் பல நிமிடங்களுக்கு இறங்காமல் நிற்பதும், விரலில் ஒழுங்கற்றுத் தட்டுப்படுவதும் அவ்வாறல்ல. நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ கூடவே தோன்றினால், பாடல் முடியும்வரை காத்திராது பயிற்சியை நிறுத்தி உடனடியாக வைத்திய உதவியை நாட வேண்டும்.