வீட்டிலிருந்து வியாபாரம்: 641ஆ, 614ஆ?

கோயம்புத்தூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 641001. மன்னார்குடிக்கு 614001. அவசரத்தில் தட்டச்சு செய்யும்போது 4ம் 1ம் இடம் மாறினால் போதும், கோவைக்குப் போகவேண்டிய முறுக்கு டப்பா டெல்டாவைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பிவிடும். கணினி எச்சரிக்கும் என்று நம்பவேண்டாம். இரண்டுமே உண்மையான எண்கள்.

1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்கள் பார்சல் எந்தப் பகுதிக்குப் பிரிக்கப்படவேண்டும் என்பதைச் சொல்கின்றன. கடைசி மூன்று விநியோகிக்கும் அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் இலக்கம் அதில் கிடையாது. அந்த வேலையை ஊர்ப் பெயர்தான் செய்யவேண்டும். அதனால் முகவரிச் சீட்டின் கடைசி வரியில் ‘கோயம்புத்தூர் 641001’ என்று ஊரும் எண்ணும் அருகருகே, மற்ற வரிகளைவிடப் பெரிய எழுத்தில் நிற்கவேண்டும். பிரிப்பவரின் கண் தேடுவது அந்த வரியைத்தான். கதவு எண்ணும் தெருவும் ‘பிள்ளையார் கோயில் எதிரில்’ என்ற அடையாளமும் அதற்குமேல் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். அவை வீடு தேடி வருபவருக்கு. கைபேசி எண்ணும் அவருக்குத்தான்.

பார்கோடு எண்ணின் கதை வேறு. விரைவு அஞ்சலில் தரும் எண் 13 எழுத்துகள் கொண்டது. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN. ஒன்பதில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. EE123456785IN என்று ஒரு மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டினால் 204. அதை 11ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து ஆறு போனால் 5. ஒன்பதாவது இலக்கமும் 5 என்பதால் எண் சரி. கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். இந்த எண்ணை நாமே உருவாக்கிக்கொள்ள முடியாது. அஞ்சல் துறையோ கூரியர் நிறுவனமோ தந்தால்தான் உண்டு.

அந்தக் கோடுகளை அச்சிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். சீட்டு பெரும்பாலும் நான்குக்கு ஆறு அங்குல பி.டி.எஃப். கோப்பாக வரும். அதை அச்சிடும்போது ‘Fit’ என்ற தேர்வு இருந்தால் அச்சுப்பொறி தன் விருப்பத்துக்கு அளவைச் சுருக்கும், நீட்டும். சாதாரண தெர்மல் அச்சுப்பொறி ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிதான் வைக்கும். மெல்லிய கோடு இரண்டு புள்ளி அகலம் என்றால் அரைப் புள்ளி குறைக்க அதற்கு வழியில்லை. சில கோடுகள் ஒரு புள்ளியாகவும் சில இரண்டாகவும் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேனருக்குத் தெரியும். ‘Actual size’ என்று வைத்து அச்சிடுவதே தீர்வு. கோடுகளின் இருபுறமும் மெல்லிய கோட்டைப்போல் பத்து மடங்கு வெள்ளை இடம் காலியாக இருக்கவேண்டும். கடையின் லோகோவை அங்கே நுழைக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். பெட்டியின் மூலையில் மடங்கிய பார்கோடு படிக்கப்படாது. மினுமினுக்கும் செலோடேப் மேலே ஓடினால் வெளிச்சம் தெறித்து ஸ்கேனர் திணறும். எண்ணெய்ப் பாட்டிலைப்போல் உருண்டையான பொட்டலம் என்றால், நிறுத்திவைத்த பாட்டிலில் கோடுகள் ஏணிப்படிகளாகத் தெரியுமாறு ஒட்டவேண்டும். குறுக்காக ஒட்டினால் ஓரக் கோடுகள் வளைவுக்குள் போய்விடும்.

இனி அனுப்புநர் முகவரி. இதைப் பெறுநர் முகவரி அளவுக்கே பெரிதாக, அதன் பக்கத்திலேயே அச்சிடும் வழக்கம் நிறைய வீட்டு வியாபாரங்களில் இருக்கிறது. கடைப் பெயர் பளிச்சென்று தெரியவேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் ஒரே சீட்டில் சம அளவில் இரண்டு பின்கோடு இருந்தால் பார்சல் புறப்பட்ட ஊருக்கே திரும்பி வர வாய்ப்பு உண்டு. நான்குக்கு ஆறு அங்குலச் சீட்டில் மேலே பார்கோடு, நடுவில் ‘பெறுநர்’ என்ற தலைப்போடு 14 புள்ளி எழுத்தில் முகவரி, அதன் பின்கோட்டு வரி மட்டும் 20 புள்ளியில், கீழ் மூலையில் கோடு போட்டுப் பிரித்து ‘அனுப்புநர்’ 9 புள்ளியில். இப்படி வைத்தால் எது எங்கே போகிறது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. சிறிதாக இருந்தாலும் அனுப்புநர் முகவரி முழுமையாக இருக்கட்டும். பூட்டிய வீட்டிலிருந்து பார்சல் திரும்ப அதுதான் வழி.

வாங்கியவர் ஸ்கேன் செய்யச் சொல்லி கடையின் இன்ஸ்டாகிராம் க்யூஆர் குறியை ஒட்டுபவர்கள் அதைப் பெட்டிக்குள் வைக்கும் நன்றி அட்டைக்கு மாற்றலாம். சீட்டில் இருந்தால் கூரியர்காரரின் கருவி சில நேரம் அதைப் படித்துவிட்டு விழிக்கும். வேறொரு நிறுவனத்திலிருந்து வந்த பழைய அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்துபவர்களுக்கும் இதே சிக்கல்தான்: முந்தைய பார்கோடுகளைக் கிழித்துவிட்டோ கறுப்பு மார்க்கரால் முழுக்க அடித்துவிட்டோ புதிய சீட்டை ஒட்டவேண்டும்.

(தொடரும்)