கார்டு வாங்குமுன் பிராசசரைச் சோதியுங்கள்

கேம் திணறினால் உடனே புது கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தான் தோன்றும். ஆனால் திணறலுக்குக் காரணம் பிராசசராக இருந்தால், கார்டுக்குக் கொட்டிய பணம் வீண். எது காரணம் என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

திரையில் வரும் ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு வேலை உண்டு. யார் எங்கே நிற்கிறார், எது எதில் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பிராசசர் கணக்குப் போட்டுக் கொடுக்கும். கார்டு அதை வரையும். இரண்டில் எது மெதுவானதோ, அதன் வேகம்தான் கேமின் வேகம்.

ரெசல்யூஷனைக் குறைத்தால் கார்டின் வேலை குறையும்; பிராசசரின் வேலை அநேகமாக அப்படியே இருக்கும். சோதனையின் சூட்சுமம் இதுதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, நொடிக்கு எத்தனை பிரேம் என்பதும் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்பதும் திரையில் தெரியும்படி வையுங்கள். வி-சிங்க்கையும் பிரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். கூட்டம் நெரியும் தெரு போன்ற கனமான இடத்தில் நின்று, முதலில் 1080p-யிலும் பிறகு 720p-யிலும் பாருங்கள். ரெசல்யூஷனை மட்டும் மாற்றுங்கள். கூட்டத்தின் அடர்த்தி போன்றவற்றைக் குறைத்தால் பிராசசரின் சுமையும் குறைந்து, கணக்கு தப்பிவிடும்.

ரைசன் 5 3600 பிராசசரும் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டும் உள்ள கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1080p-யில் 55 பிரேம், கார்டு 98 சதவீதம் என்று வந்தால், அங்கே பின்தங்குவது கார்டு. 720p-யில் பிரேம் 85-இல் நின்று, கார்டும் 65 சதவீதத்துக்கு இறங்கினால், பிராசசரின் உச்சவரம்பு 85. அந்தக் கேமில் இருமடங்கு வேகக் கார்டை மாட்டினாலும் 110 வராது, 85-ஓடு நின்றுவிடும். ஒன்றரை மடங்கு வேகக் கார்டே போதும்.

டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. 3600-இல் 12 திரெட்கள் உண்டு. கேமின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒரே திரெட் மூச்சுமுட்டினாலும், மொத்தக் கணக்கில் அது சுமார் 8 சதவீதம்தான். கார்டின் உழைப்பு 90-க்குக் கீழே கிடக்கிறதா என்பதே நம்பகமான அடையாளம்.

இனி மானிட்டரைப் பாருங்கள். 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 85 தாராளம். கார்டை மட்டும் மாற்றலாம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த நினைத்தால் கார்டோடு பிராசசரையும் மாற்ற வேண்டும். அதே ஏஎம்4 போர்டில், பயாஸைப் புதுப்பித்து, ரைசன் 5 5600 போடலாம். போர்டு நிறுவனத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1440p மானிட்டருக்கு மாறும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. அங்கே ஒவ்வொரு பிரேமிலும் பிக்சல்கள் 1.78 மடங்கு, பிராசசரின் வரம்போ அதே 85. 1080p-க்கு அதிகமாகப்பட்ட அந்த இருமடங்கு வேகக் கார்டு இங்கே பொருத்தமாக இருக்கும்.