கணவரின் வீட்டுக்கடனும் ஒரு கடிதமும்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே தவணை கேட்டு வங்கியிலிருந்து அழைப்பு வரலாம். கணவர் கடன் வாங்கியபோது அதனுடன் ஆயுள் காப்பீடும் எடுத்தாரா என்பதை மனைவி முதலில் பார்க்க வேண்டும். கடன் அனுமதிக் கடிதத்திலும் கணக்கு அறிக்கையிலும் பிரீமியம் பிடித்த வரி இருக்கும். அது குழுக் காப்பீடாக இருந்தால் மூலப் பாலிசி வங்கியின் பெயரில் இருக்கும். குடும்பத்துக்குக் கிடைப்பது காப்பீட்டுச் சான்றிதழ்தான்.

கடிதத்தை வங்கி மேலாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவுக்கும் ஒரே நாளில் அனுப்புவது நல்லது. கடன் எண், சான்றிதழ் எண், இறந்த தேதி, காரணம் ஆகியவற்றை எழுதி, முக்கியமான கோரிக்கையை இப்படி வைக்கலாம்: "இறந்த தேதியன்று இருந்த நிலுவையையும், அன்றைய காப்பீட்டுத் தொகையையும் எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

இந்த இரண்டு தொகைகளும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்துக்காட்டாக, 25 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி. அட்டவணைப்படி ஐந்தாண்டு முடிவில் காப்பீடு சுமார் 22 லட்சமாகக் குறைந்திருக்கும். இடையில் வட்டி ஏறியதால் உண்மையான நிலுவை 22.60 லட்சமாக இருந்தால், மீதி 60,000 ரூபாயைக் குடும்பமே கட்ட வேண்டும்.

உடல்நலத்தை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் மறுத்தால், காப்பீடு தொடங்கிய தேதியைப் பாருங்கள். மூன்றாண்டு கடந்திருந்தால் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவைக் காட்டி, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.