சரக்கின் தலைப்பில் சித்திரக் குறிகள்

கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அச்சங்கம் பண்ருட்டி முந்திரிப் பருப்பை இணையச் சந்தையில் விற்கும் பக்கத்தையும் காண நேர்ந்தது. அதில் சரக்கின் தலைப்பு பின்வருமாறு இருந்தது:

🔥🥜 பண்ருட்டி முந்திரி ✅ 100% தரம் 💯🔥

எமோஜி எனப்படும் இச்சித்திரக் குறிகள் வாங்குவோரின் கண்ணைக் கவரும் என்பது செயலாளரின் எண்ணம். கண்ணைக் கவர்வது வேறு, நம்பிக்கையைப் பெறுவது வேறு என்பதை அங்கத்தினர்கள் கவனித்தல் வேண்டும்.

முதலாவதாக, அத்தலைப்பிலுள்ள பருப்பின் படத்தை எடுத்துக்கொள்வோம். அது முந்திரி அன்று, நிலக்கடலை. 2016ஆம் ஆண்டில் அக்குறி சேர்க்கப்பட்டபோதே நிலக்கடலை என்ற பெயரால்தான் சேர்க்கப்பட்டது. முந்திரிக்கெனத் தனிக் குறி இல்லை. ஆகவே, விலையுயர்ந்த சரக்கின் பெயருக்கு முன்னால் விலை குறைந்த சரக்கின் படத்தை நாமே ஒட்டி அனுப்புகிறோம். கலப்படத்திற்கு அஞ்சி வாங்குவோர் இதைக் கண்டால் என்ன நினைப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கண் பார்வையற்றோர் கைப்பேசியின் ஒலி வாசிப்பான் மூலம் தலைப்பைக் கேட்கும்போது, சரக்கின் பெயருக்கு முன் “நெருப்பு, நிலக்கடலை” என்னும் சொற்களே காதில் விழும். பழைய கைப்பேசிகளிலோ, புதிதாகச் சேர்ந்த குறிகள் வெறும் கட்டங்களாகத் தோன்றும்.

இரண்டாவதாக, பச்சை நிறச் சரிக் குறி. யாரோ ஒரு அதிகாரி சோதித்து ஒப்புதல் தந்ததுபோல் அது தோற்றமளிக்கிறது. உண்மையில் அதை இட்டவர் விற்பவரே. கைத்தறி லுங்கிக்கும் இதுவே பொருந்தும். 2006ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட கைத்தறி முத்திரைச் சீட்டு நமது துணியில் தைக்கப்பட்டிருக்குமாயின், அச்சீட்டின் தெளிவான புகைப்படத்தைப் பக்கத்தில் இடுவதே சான்றாகும். விசைத்தறித் துணியை விற்பவரும் சரிக் குறியை இடலாம். முத்திரைச் சீட்டை அவர் முறைப்படி பெற முடியாது.

அப்படியானால் முந்திரியின் தலைப்பில் எதை எழுதுவது? வியாபாரிகள் டபிள்யூ 320 என்று வழங்கும் தரம் நம்மிற் பலரும் அறிந்ததே. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடையில், 300 முதல் 320 வரை முழுப் பருப்புகள் இருக்கும் என்பது அதன் பொருள். இக்கணக்குப்படி 250 கிராம் பொட்டலத்தில் ஏறக்குறைய 165 முதல் 176 பருப்புகள் இருத்தல் வேண்டும். டபிள்யூ 240 ஆனால் 121 முதல் 132 வரை. ஆகவே தலைப்பை இவ்வாறு திருத்தி எழுதினோம்:

பண்ருட்டி முந்திரிப் பருப்பு, முழுப் பருப்பு, டபிள்யூ 320, வறுக்காதது, 250 கிராம்

சிதம்பரத்திலுள்ள ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரித்து எண்ணிப் பார்த்தாலும் இவ்வாக்கு நிற்கும். “100% தரம்” என்பதை எவராலும் எண்ணிப் பார்க்க இயலாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பிளவும் துண்டும் மிகுதியாகக் கலந்த சரக்கிற்கு டபிள்யூ 320 என்று எழுதினால், எமோஜியைவிட விரைவில் அது நம் பெயரைக் கெடுக்கும்.

சந்தைத் தளங்களும் இத்திசையிலேயே செல்கின்றன. அமேசான் தளம் 2024ஆம் ஆண்டில் சரக்கு விவர வரிகளில் எமோஜியை விலக்கியது. 2025 ஜனவரி முதல், பெரும்பாலான சரக்குகளின் தலைப்பு 200 எழுத்துக்களுக்கு மேற்படலாகாதென்றும், ஒரே சொல் இருமுறைக்கு மேல் வரலாகாதென்றும், வியப்புக்குறி போன்ற அலங்காரக் குறிகள் கூடாதென்றும் விதித்தது. விதியை மீறிய தலைப்பைத் தளமே மாற்றிவிடவும் கூடும்.

எமோஜி எவ்விடத்தும் ஆகாது என்பது என் கருத்தன்று. விளம்பரங்களைப் பற்றி 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மகிழ்ச்சிக்காக வாங்கும் பொருள்களுக்கு எமோஜி வாங்கும் விருப்பத்தை உயர்த்தியதென்றும், பயன் கருதி வாங்கும் பொருள்களுக்கு அவ்வாறு உயர்த்தவில்லையென்றும் கண்டனர். பழகிய வாடிக்கையாளருக்குத் தீபாவளிச் செய்தி அனுப்புகையில் ஒரு விளக்குப் படத்தைச் சேர்ப்பதில் தவறில்லை. தலைப்பு என்பது அத்தகைய வாழ்த்துச் செய்தி அன்று. அது மூட்டையின்மேல் கட்டிய சரக்குச் சீட்டைப் போன்றது. அதில் பெயர், தரம், அளவு ஆகிய மூன்றும் முதலில் வருதல் வேண்டும். செயலாளர்கள் தத்தம் சங்கத்தின் தலைப்புகளிலிருந்து படங்களை ஒருமுறை நீக்கிப் படித்துப் பார்ப்பார்களாக. அதன்பின் எஞ்சி நிற்கும் சொற்களே வாங்குவோருக்கு நாம் உண்மையில் தெரிவித்த செய்தியாகும்.