பத்து கஜ தூரத்தில் ஒரு சுவர்

கால்பந்தில் ஃப்ரீ கிக்கின்போது எதிரணி வீரர்கள் பந்திலிருந்து 9.15 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பழைய கணக்கில் இது பத்து கஜம். அந்தத் தூரத்தில் சிலர் தோளோடு தோள் ஒட்டி நிற்பதுதான் சுவர். அதன் வேலை கோலை முழுவதும் மறைப்பதல்ல. ஒரு பாதியைச் சுவர் காக்கும், மறு பாதியைக் கோல்கீப்பர் காப்பார். எத்தனை பேர் நிற்பது என்பதை முடிவு செய்வது இந்தப் பாகப்பிரிவினைதான்.

கோலுக்கு நேர் எதிரே 20 மீட்டரில் பந்து இருப்பதாகக் கொள்வோம். கோலின் அகலம் 7.32 மீட்டர். பந்திலிருந்து இரு கம்பங்களுக்கும் கோடு இழுத்தால், சுவர் நிற்கும் இடத்தில் அந்த இடைவெளி சுமார் 3.35 மீட்டராகக் குறுகிவிடும். அதில் பாதி ஏறத்தாழ 1.7 மீட்டர். நெருக்கி நிற்கும் ஆள் ஒருவருக்கு அரை மீட்டர் என்றால், நான்கு பேருக்கு இரண்டு மீட்டர். மிஞ்சும் கொஞ்சத்தைக் கம்பத்துக்கு நேரான கோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் விட வேண்டும். இல்லாவிட்டால் பந்தைச் சுவரின் வெளி ஓரமாக வளைத்து உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். அதே பந்து 30 மீட்டரில் இருந்தால் பாதி இடைவெளி 1.1 மீட்டர்தான், இரண்டு மூன்று பேர் போதும். பக்கவாட்டுக் கோட்டருகே, நேராகக் கோலடிக்க வழியில்லாத கோணத்தில், ஒருவரோ இருவரோ நின்றால் போதும். மற்றவர்களுக்குக் கோல் முன்னே வேலை இருக்கிறது.

சுவரில் ஆள் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து 20 மீட்டரை முக்கால் விநாடிக்குள் கடந்துவிடும். அகலமான சுவர் பந்தை மறைத்தால், அது சுவருக்கு மேலே தலைகாட்டும்போதுதான் கீப்பர் அதைப் பார்ப்பார். அதற்குள் பாதி நேரம் போயிருக்கும்.

சுவரை நேர்ப்படுத்துவது பெரும்பாலும் கீப்பரே. அவர் சுவர் காக்கவேண்டிய பக்கத்துக் கம்பத்தருகே போய், பந்தைப் பார்த்தபடி, ஓரத்து ஆளைக் கையசைத்து ஓரடி இப்படி, அரையடி அப்படி என்று நகர்த்துவார். அந்தச் சில விநாடிகளில் மறு பாதி காலியாகக் கிடக்கும். விசிலுக்குக் காத்திருக்கும்படி நடுவர் சொல்லாவிட்டால், உதைப்பவர் உடனே உதைக்கலாம். 2004 டிசம்பரில் செல்சி கீப்பர் பெட்டர் செக் சுவரை அமைத்துக்கொண்டிருந்தபோதே ஆர்சனலின் தியரி ஹென்றி பந்தை வலைக்குள் அனுப்பினார். கோல் செல்லும் என்றே தீர்ப்பானது.

தாக்குபவர்களின் பழைய உத்தி, தங்கள் ஆளையே எதிரணிச் சுவருக்குள் நுழைப்பது. 1974 உலகக் கோப்பையில் கிழக்கு ஜெர்மனியின் சுவருக்குள் பிரேசிலின் ஜயர்சினோ போய் நின்றார். ரிவெலினோ நேராக அவரை நோக்கியே ஓங்கி உதைத்தார். ஜயர்சினோ சட்டென்று கீழே குனிய, அவர் நின்ற இடமே வாசலாகிப் பந்து கோலுக்குள் பாய்ந்தது. பிரேசில் 1-0 என வென்றது. இன்று இதற்கு வழியில்லை. 2019 முதல், மூன்று பேரோ அதற்கு மேலோ கொண்ட சுவரிலிருந்து தாக்கும் அணியினர் ஒரு மீட்டராவது விலகி நிற்க வேண்டும். மீறினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். அதனால் இப்போது அவர்கள் சற்றுத் தள்ளித் தனியாக ஒரு வரிசை கட்டி, கீப்பரின் பார்வையை மறைத்துவிட்டு, பந்து புறப்படும்போது விலகிக்கொள்கிறார்கள்.

சுவர் குதிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. குதித்தால் உயரம் கூடும், காலுக்கடியில் இடம் திறக்கும். 2006இல் வெர்டர் பிரெமனுக்கு எதிராக பார்சிலோனாவின் ரொனால்டினோ பந்தை அந்த இடைவெளியில்தான் உருட்டினார். மாற்று வழியைப் பலரும் கவனித்தது 2018இல். பார்சிலோனாவின் சுவாரஸ் தரையோடு உதைத்த பந்தை, குதித்த சுவருக்குப் பின்னால் படுத்துக்கொண்ட இன்டர் வீரர் பிரோசோவிச் தடுத்தார். அதன்பின் ஒருவரைப் படுக்கவைப்பது வழக்கமாகிவிட்டது. அவர் ஆஃப்சைடு பொறியிலும் எதிரணியினரைக் காப்பதிலும் உதவமாட்டார் என்பதே அதற்குக் கொடுக்கும் விலை.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கனமானது, பந்தையே இடம் மாற்றுவது. சுவர் ஒரே ஒரு புள்ளியைப் பார்த்துக் கட்டப்பட்டது. பந்து ஓரடி நகர்ந்தாலும் கோணம் மாறிவிடும். 2018 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக, 95ஆவது நிமிடத்தில், ஜெர்மனியின் டோனி குரூஸ் பந்தை ராய்ஸ் பக்கம் மெல்லத் தட்டினார். ராய்ஸ் காலால் நிறுத்திக் கொடுக்க, குரூஸ் புதிய கோணத்திலிருந்து தூரக் கம்பத்தோரம் வளைத்து அடித்தார். இதைத் தடுக்கவே பல அணிகள் சுவருக்குப் பக்கத்தில் ஒருவரைத் தனியே நிறுத்துகின்றன. முதல் தட்டு விழுந்ததும் பந்தை நோக்கிப் பாய்வது அவர் வேலை. அதற்குமுன் ஓரடி எடுத்துவைத்து ஆட்டத்தில் குறுக்கிட்டால் மஞ்சள் அட்டை.