இரண்டு ரூபாயில் கொடுத்த அனுமதி

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவரின் பென்ஷன் கணக்கில், 2025 ஜனவரியிலிருந்து மாதா மாதம் 299 ரூபாய் கழிந்துகொண்டிருந்தது. ஜூலையில் பாஸ்புக் அச்சிட்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது. தொகை ஒன்று, தேதியும் ஒன்று: ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி. ஏழு முறை சேர்த்தால் 2,093 ரூபாய்.

அடுத்த நாளே வங்கிக்குப் போனார். "ஏனுங் சார், இது யாருக்குப் போகுது?" என்று கேட்டார். "நாங்க புடிக்கலீங்கம்மா. நீங்கதான் பர்மிஷன் குடுத்திருக்கீங்க" என்று பதில் வந்தது. அதற்கு மேல் கவுன்டரில் பேச நேரமில்லை. பின்னால் வரிசை நின்றது. யாருக்கு, எப்போது, எதற்காக அனுமதி கொடுத்தோம் என்பதை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் போன வழி, இதே நிலையில் இருக்கும் எவருக்கும் உதவும். அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எதுவாக இருக்க முடியாது என்பதைக் கழித்துக்கொண்டே வந்தார். வங்கி தானாக எடுக்கும் தொகைகள் சில உண்டு. பிரதமரின் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாயும், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் பிடிப்பார்கள். ஆனால் அவை ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதக் கடைசியை ஒட்டி வருபவை. ஏடிஎம் கார்டு கட்டணமும் ஆண்டுக் கணக்குதான். மாதம் தவறாமல், ஒரே தேதியில், மாறாத தொகை என்றால் அது வங்கிக் கட்டணமாக இருக்க வாய்ப்பு குறைவு. கடன் தவணையாகவோ, சேமிப்புத் திட்டமாகவோ, சந்தாவாகவோதான் இருக்கும். அவருக்குக் கடன் இல்லை.

அடுத்தது, பாஸ்புக் வரியின் தொடக்கம். கடன் தவணை, காப்பீடு போன்றவை வங்கிக்கு வங்கி நேரடியாகப் பிடிக்கப்பட்டால் வரியில் பெரும்பாலும் NACH அல்லது ACH என்று வரும். இவருடைய வரி UPI என்று தொடங்கியது. ஆக, பணம் போனது போன் வழியாக. பெறுபவர் இடத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர், அதுவும் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அப்படி ஒரு பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் குழம்பிப்போகிறார்கள். நாம் பதிவிறக்கும் செயலிக்கு ஒரு பெயர், அதை நடத்தும் கம்பெனிக்குப் பதிவுத்துறையில் வேறொரு பெயர், நடுவில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு இன்னொரு பெயர். பாஸ்புக்கில் வருவது பெரும்பாலும் பின்னவை இரண்டில் ஒன்று.

பெயர் கைவிட்டதும் கணக்கு டீச்சர் எண்களுக்குத் திரும்பினார். ஒவ்வொரு வரியிலும் 12 இலக்க யுபிஐ எண் ஒன்று இருந்தது. பிப்ரவரி வரியில் அது 5036 என்று தொடங்கியது, மார்ச்சில் 5064. இந்த எண்ணின் முதல் இலக்கம் பொதுவாக ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பிப்ரவரி 5 ஆண்டின் 36-வது நாள், மார்ச் 5 அதன் 64-வது நாள். பின்னோக்கிப் போனால் 5005-ல், அதாவது ஜனவரி 5-ல் 299 ரூபாய் முதன்முதலாக வருகிறது. அதற்கு முன் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குச் சரியாக ஏழு நாள் முன்னால், 4364 என்று தொடங்கும் வரியில் அதே வெட்டுப்பட்ட பெயருக்கு 2 ரூபாய் போயிருந்தது. 2024 லீப் ஆண்டு. 364-வது நாள் டிசம்பர் 29. அந்த 2 ரூபாய் திரும்பவும் வந்திருந்தது.

ஏழு நாள், இரண்டு ரூபாய். டீச்சருக்கு நினைவு வந்துவிட்டது. மகள் வீட்டில் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறார்கள். பனியன் கம்பெனி ஒன்று, பழைய டெலிவரி சலான்களையெல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தது. மகள் மெஷினில் உட்கார்ந்திருந்ததால் டீச்சர்தான் தன் போனில் ஒரு ஸ்கேன் செயலியை இறக்கி, சலான்களைப் படமெடுத்து அனுப்பினார். '7 நாள் இலவசம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. சரிபார்ப்புக்காக 2 ரூபாய் என்று கேட்டது. பின் நம்பர் போட்டார். வேலை முடிந்தது, மூன்றாம் நாளே செயலியை நீக்கிவிட்டார்.

அந்தப் பின் நம்பர் 2 ரூபாய்க்கு மட்டும் போட்டது அல்ல. அதோடு சேர்த்து 'ஆட்டோபே' என்ற நிரந்தர உத்தரவும் பதிவானது. தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2020 ஜூலையில் கொண்டுவந்த வசதி இது. மாதச் சந்தா, மின்கட்டணம், பரஸ்பர நிதித் தவணை போன்றவற்றுக்கு ஒருமுறை பின் போட்டால் போதும். பிறகு ஒவ்வொரு முறையும் போட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019-ல் இத்தகைய பிடித்தங்களுக்கு விதி வகுத்தபோது பின் இல்லாமல் எடுக்க 2,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2022 ஜூனில் அது 15,000 ரூபாய் ஆனது. 299 ரூபாய்க்கு யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

செயலியை நீக்கியதால் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. உத்தரவு செயலிக்குள் இல்லை. வங்கியிலும் யுபிஐ அமைப்பிலும் பதிவாகி இருக்கிறது. ஏடிஎம் கார்டை முடக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் பணம் கார்டு வழியாகப் போகவில்லை.

ரத்து செய்யப் போனபோது இன்னொரு தடங்கல். மகள் வாங்கிக் கொடுத்த புதுப் போனில் வேறொரு யுபிஐ செயலி இருந்தது. அதில் ஆட்டோபே பகுதியைத் திறந்தால் பட்டியல் காலி. அப்போதைய நிலையில், எந்த யுபிஐ செயலியில் அனுமதி கொடுத்தோமோ அதில்தான் பெரும்பாலும் அது தெரியும். இதற்கும் ஒரு தடயம் இருந்தது. ஒவ்வொரு உத்தரவுக்கும் நீளமான அடையாள எண் உண்டு. அதன் முடிவில் @ குறியும், அதன்பின் எந்தச் செயலி வழியாகப் பதிவானது என்பதைக் காட்டும் சிறு சொல்லும் வரும். பழைய குறுஞ்செய்தி ஒன்றில் அந்தச் சொல்லைப் பார்த்து, பழைய செயலியை அதே சிம் எண்ணோடு புதுப் போனில் மறுபடி இறக்கினார். பட்டியலில் அந்த ஒற்றை உத்தரவு 'செயலில்' என்று நின்றது. மாதாமாதம், உச்சத் தொகை 999 ரூபாய், முடிவுத் தேதி 2054.

கடைசி இரண்டு விவரத்தையும் கவனிக்க வேண்டும். பிடித்தது 299 என்றாலும், 999 வரை பிடிக்க அனுமதி இருந்தது. இடையில் கட்டணத்தை உயர்த்தியிருந்தால்கூட மறுபடி பின் தேவைப்பட்டிருக்காது. டீச்சருக்கு வயது 67. அந்த உத்தரவு அவருடைய 96-வது வயது வரை செல்லும்.

இத்தனை மாதம் எப்படித் தெரியாமல் போனது என்று மகள் கேட்டார். எனக்கு இதில்தான் அறிவியல் ரீதியாக அக்கறை அதிகம். லிரன் ஐனாவ், பெஞ்சமின் க்ளோபாக், நீல் மகோனி என்ற மூன்று அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பிரபலமான பத்து சந்தா சேவைகளின் கார்டு கணக்குகளை அலசினார்கள். கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வரும்போது, சந்தாதாரர் அந்த எண்ணை மறுபடி பதிய வேண்டியிருக்கும். 'இது எனக்கு இன்னும் வேண்டுமா?' என்று அந்த ஒரு மாதம் யோசிக்கத்தான் வேண்டும். சந்தா வேண்டாம் என்போர் எண்ணிக்கை சரியாக அந்த மாதத்தில் துள்ளிக் குதிப்பதைக் கண்டார்கள். அதற்கு முந்தைய மாதம் சேவை பிடித்திருந்து, இந்த மாதம் திடீரென்று எல்லோருக்கும் கசந்துபோயிருக்க முடியாது. இதுவரை கவனிக்காமல் இருந்தவர்கள் இப்போது கவனித்தார்கள், அவ்வளவுதான். வாடிக்கையாளர் கவனிக்காததால் மட்டும் இந்தச் சேவைகளின் வருமானம் 14 சதவீதம் முதல் 200 சதவீதத்துக்கு மேல் வரை கூடுகிறது என்று கணக்கிட்டார்கள்.

இதை நம் யுபிஐயோடு வைத்துப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. கார்டுக்குச் சில ஆண்டுகளில் ஆயுள் முடியும். யோசிக்க ஒரு தருணம் தானாக வரும். யுபிஐ உத்தரவு கணக்கோடு கட்டப்பட்டது. 2054 வரை அந்தத் தருணம் வராது.

இதற்கு மாற்றாக ரிசர்வ் வங்கி வைத்திருப்பது முன்னறிவிப்பு. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று சொல்லியாக வேண்டும். சொல்லியும் இருந்தார்கள். டீச்சரின் போனில் ஏழு மாதமும் 4-ம் தேதி வாக்கில் வந்த ஏழு செய்திகள் திறக்கப்படாமல் கிடந்தன. ஆங்கிலத்தில், அதே அறிமுகமில்லாத கம்பெனிப் பெயரோடு, நகைக்கடன் விளம்பரங்களுக்கும் ரீசார்ஜ் சலுகைகளுக்கும் நடுவே. விதி காகிதத்தில் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்தச் செய்தி பதில் எதையும் கேட்பதில்லை. பதில் சொல்லாதவர் சம்மதித்தவராகிறார். புதுக் கார்டு வந்த மாதத்தில் அமெரிக்கர்கள் விழித்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே பேசாமல் இருந்தால் சந்தா நின்றுவிடும் என்பதுதான்.

ரத்து செய்வது எளிதாகவே முடிந்தது. உத்தரவைத் தொட்டு, ரத்து என்பதை அழுத்தி, பின் போட்டார். சில நொடிகளில் உறுதிச் செய்தி வந்தது. போன பணம் வேறு கதை. அவரே பின் போட்டுப் பதிந்த உத்தரவு என்பதால், மோசடிப் பரிவர்த்தனைக்கு வங்கி ஈடு கொடுக்கும் விதி இதற்குப் பொருந்தவில்லை. செயலி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஜூலை மாதத் தொகை மட்டும் திரும்பியது.

சட்டம் அவர் பக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையத்தில் நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பதோடு, இலவசச் சந்தாவுக்கே தானியங்கிப் பிடித்தத்துக்கு அனுமதி கொடுக்கக் கட்டாயப்படுத்துவதும் அந்த விளக்கத்தில் வருகிறது. டிசம்பர் 29 அன்று டீச்சர் பார்த்த திரையே விதிமீறல் என்று வாதிட இடமுண்டு. இதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

தேசியப் பணப்பட்டுவாடா கழகம் 2025 அக்டோபரில், ஒருவரின் எல்லா ஆட்டோபே உத்தரவுகளையும் எந்த யுபிஐ செயலியிலிருந்தும் பார்க்க வழிசெய்யச் சொல்லி உத்தரவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் அது தேடிப் போகிறவருக்குத்தான் உதவும். இலவச நாட்கள் முடிந்து முதல் முழுத் தொகை எடுக்கும் அன்று, மறுபடி ஒருமுறை பின் கேட்க வேண்டும். போடாவிட்டால் உத்தரவு தானாக ரத்தாக வேண்டும். ரிசர்வ் வங்கி இந்த ஒரு திருத்தத்தைச் செய்ய வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனில் இருக்கும் ஒவ்வொரு யுபிஐ செயலியிலும், பயன்படுத்தாமல் விட்ட பழையதிலும்கூட, ஆட்டோபே பகுதியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.