நாலாயிரத்து இருநூறு எங்கிருந்து வந்தது?

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மொத்த வணிக நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கும் தோழி, ஒப்பந்த ஊழியராக இருந்தவர். நிரந்தரமாக்குகிறோம், மாதம் 3,700 வெள்ளி என்று மின்னஞ்சல் வந்தது. அவர் எழுதிய பதிலை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார்.

"சிங்கப்பூரில் நடுத்தரச் சம்பளமே 5,500 வெள்ளி" என்று தொடங்கியிருந்தார். அந்த வரியை எடுக்கச் சொன்னேன். 2024இன் அந்த எண்ணில் முதலாளி கட்டும் மசேநிதியும் சேர்ந்திருக்கிறது; அதைக் கழித்தால் 4,860. தவிர, அது எல்லா வேலைகளுக்குமான எண். முதலாளிக்கு இது தெரிந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மனிதவள அமைச்சு வேலைவாரியாகச் சம்பளப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் முதலாளியின் மசேநிதி சேராது. அடிப்படைச் சம்பளம் ஒரு பத்தி. படிகள், மிகைநேரம் சேர்ந்த மொத்தச் சம்பளம் இன்னொரு பத்தி. கையில் உள்ள 3,700 அடிப்படைச் சம்பளம் என்றால், ஒப்பிட வேண்டியதும் அந்தப் பத்தியைத்தான். கூடவே மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அதே வேலைக்கான விளம்பரங்களையும் பார்த்தார். அங்கே சம்பள வரம்பு போட்டிருக்கும். ஆனால் பதவிப் பெயரை நம்பக்கூடாது. ஒரே பெயரில் ஓரிடத்தில் பில் மட்டும் போடுவார்கள், இன்னோரிடத்தில் ஆண்டுக் கணக்கையே முடிப்பார்கள். வேலை ஒத்துப்போன விளம்பரங்களின் நடுப்புள்ளி 4,000க்குப் பக்கத்தில் வந்தது.

மீதி 200தான் எனக்குப் பிடித்த கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய, வெளியாள் ஒருவருக்கு நிறுவனம் 600 வெள்ளி கொடுத்துவந்தது. ஓராண்டாக அதைச் செய்பவர் இவர். "பொறுப்பு கூடிவிட்டது" என்று எழுதுவதைவிட இது பேசும்.

கடைசியில் போன கடிதம் இது:

"நிரந்தரப் பணி வழங்க முன்வந்ததற்கு நன்றி. இங்கேயே தொடர விரும்புகிறேன். இதே பணிகளுக்குச் சந்தையில் அடிப்படைச் சம்பளம் சுமார் 4,000 வெள்ளி; விவரம் இணைத்துள்ளேன். முன்பு காலாண்டுக்கு 600 வெள்ளி கொடுத்து வெளியே செய்த ஜிஎஸ்டி தாக்கலை ஓராண்டாக நான் செய்கிறேன். எனவே அடிப்படைச் சம்பளத்தை 4,200 வெள்ளியாக நிர்ணயிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் நேரில் பேச இயலுமா?"

வீட்டு வாடகை, பிள்ளையின் டியூஷன் எதுவும் இதில் இல்லை. அவை உண்மைதான், ஆனால் முதலாளி விலை கொடுப்பது வேலைக்கு.

இவர் கூடுதலாகக் கேட்ட 500, முதலாளிக்கு 585. 55 வயதுக்குட்பட்ட சிங்கப்பூரருக்கு 17 விழுக்காடு மசேநிதி அவர் பங்கு. அதனால் பேரம் வரும் என்று எதிர்பார்த்தோம், வந்தது: 4,000 அடிப்படை, 200 பொறுப்புப் படி. மாதம் கைக்கு வருவது அதேதான். ஆனால் அந்த நிறுவனத்தில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் போனஸும் அடிப்படையை வைத்துத்தான். ஜிஎஸ்டி வேலையை வேறொருவருக்கு மாற்றினால் படியும் போய்விடும்.

தோழி 4,100 அடிப்படை, 100 படி என்று கேட்டார். ஒப்புக்கொண்டார்கள். இரண்டு எண்களும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போட்டார்.